வரலாறு இருப்பது எங்கே? கிட், கிட்ஹப், ஒரு தடையாணை

2014 டிசம்பர் 17ஆம் நாள் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை ஓர் ஆணை பிறப்பித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ், 32 இணைய முகவரிகளை இணையச் சேவை நிறுவனங்கள் முடக்க வேண்டும் என்பது அதன் சாரம். தீவிரவாத அமைப்பு ஒன்றின் ஆதரவாளர்கள் அந்தத் தளங்களில் எழுத்துத் துணுக்குகளை இட்டுப் பரப்புகின்றனர் என்று மும்பை பயங்கரவாதத் தடுப்புப் பிரிவு முறையிட்டதும், மும்பை நீதிமன்றம் ஒன்று அதை ஏற்றதும் இதற்குப் பின்னணி. ஆண்டின் கடைசி நாளன்று ஆணையின் நகல் பொதுவெளிக்கு வந்தது. விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின், இணைய ஆவணக் காப்பகமான archive.org ஆகியவற்றோடு github.com என்ற பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது.

இந்தியப் பயனர்களில் கணிசமானோர் தளத்தை அடைய இயலவில்லை என்று கிட்ஹப் நிறுவனம் அப்போது அறிவித்தது. தடை எங்கும் ஒரே சீராக நிறைவேறவில்லை. ஓர் இணையச் சேவையில் திறந்த பக்கம் இன்னொன்றில் திறக்கவில்லை. சில நாட்களில் தடை விலகியது. அளவில் அது ஒரு சிறு நிகழ்வுதான். ஆயினும் அன்றாடம் ஒன்றாகவே தோன்றும் இரண்டு பொருள்களைச் சில நாட்களுக்கு அது கண்முன்னே பிரித்துக் காட்டிவிட்டது.

தடை செயல்பட்ட ஓர் இணைப்பில், ஐதராபாத்தின் மாதாப்பூரிலோ கச்சிபௌலியிலோ, கணினியின் முன் அமர்ந்திருக்கும் ஒரு நிரலாளரை எண்ணிப் பார்க்கலாம். அவர் `git log` என்று தட்டச்சு செய்தால், தம் திட்டத்தின் முதல் நாள் தொடங்கி அன்று மாலை வரை யார், எப்போது, எதை மாற்றினர் என்ற முழு விவரமும் உடனே திரையில் ஓடும். `git commit` கொடுத்தால் புதிய மாற்றம் பதிவாகும். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய நிலைக்குக் கோப்புகளைக் கொண்டு செல்லவும் அவரால் முடியும். ஆனால் `git push` கொடுத்தால் மட்டும் இணைப்புக்காகக் காத்திருந்து, இறுதியில் பிழைச்செய்தியுடன் நின்றுவிடும். உலாவியில் அதே திட்டத்தின் பக்கமும் திறக்காது. வரலாறு முழுவதும் கையில் இருக்கிறது, அதைப் பிறரோடு பகிரும் முகவரி மட்டும் இல்லை. கிட் என்பது முன்னது. கிட்ஹப், கிட்லாப் போன்ற சேவைகள் பின்னது.

இவ்வளவு தெளிவான வேறுபாடு ஏன் அடிக்கடி மங்குகிறது என்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. கிட்டுக்கு முந்தைய தலைமுறையில் இவை இரண்டும் உண்மையிலேயே ஒன்றாக இருந்தன.

மையத்தில் இருந்த வரலாறு

மென்பொருளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவிகளுள் 1990களில் பரவலாகப் பயன்பட்டது சிவிஎஸ். அதன் குறைகளைக் களையும் நோக்கில் 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது சப்வெர்ஷன். இவ்விரண்டின் அடிப்படை ஏற்பாடு ஒன்றே. மாற்றங்களின் முழுப் பதிவேடு ஒரு மையச் சேவையகத்தில் இருக்கும். நிரலாளரின் கணினிக்கு வருவது அந்தப் பதிவேட்டின் ஒரு பக்கம் மட்டுமே, அதாவது கோப்புகளின் குறிப்பிட்ட ஒரு நிலை. நேற்று யார் என்ன மாற்றினார் என்று அறியவும் சேவையகத்தைத்தான் கேட்க வேண்டும். மாற்றத்தைப் பதிவதும் சேவையகத்தில்தான் நிகழும்.

1999இல் தொடங்கிய சோர்ஸ்ஃபோர்ஜ், திறமூலத் திட்டங்களுக்கு அத்தகைய சேவையகத்தை இலவசமாக வழங்கியது. அங்கே ஒரு திட்டத்தை வைப்பது என்றால், அதன் வரலாற்றையே அங்கே வைப்பது என்று பொருள். சேவையகம் நின்றால் வேலையும் நிற்கும். சேவையகம் அழிந்து, அதை நடத்தியோரிடம் காப்புப்படியும் இல்லையென்றால், எஞ்சுவது ஆளுக்கொரு பக்கம் மட்டுமே. எனவே அந்தக் காலத்து நிரலாளர் கருவியையும் இடத்தையும் பிரித்துப் பேச வேண்டிய தேவை எழவில்லை. அந்தப் பேச்சுவழக்குதான் கருவி மாறிய பின்னும் தங்கிவிட்டது.

2005: ஒவ்வொரு படியும் முழுமை

லினக்ஸ் கெர்னலை உருவாக்குவோர் 2002 முதல் பிட்கீப்பர் என்ற வணிக மென்பொருளை இலவச உரிமத்தில் பயன்படுத்தி வந்தனர். அதன் தகவல் பரிமாற்ற முறையை ஆராய்ந்து ஆண்ட்ரூ டிரிட்ஜெல் மாற்றுக் கருவி ஒன்றை எழுதியதை ஒட்டி எழுந்த பிணக்கில், 2005இல் அந்த இலவச உரிமம் திரும்பப் பெறப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் தொடக்கத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் தாமே ஒரு கருவியை எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 7ஆம் நாள் கிட்டின் மூலநிரல் கிட்டிலேயே பதிவாயிற்று. ஜூன் மாதம் வெளிவந்த லினக்ஸ் 2.6.12 கிட்டின் துணையுடன் வந்தது. ஜூலையில் ஜூனியோ ஹமானோ கிட்டின் பராமரிப்பாளர் ஆனார். இன்றளவும் அந்தப் பொறுப்பு அவரிடமே உள்ளது.

இந்தக் காலவரிசையில் கவனிக்க வேண்டியது, கிட்ஹப் அதில் எங்கும் இல்லை என்பதே. அது பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது 2008 ஏப்ரலில். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் கிட் எந்தக் குறையுமின்றி இயங்கியது. கெர்னல் நிரலாளர்கள் மாற்றங்களை மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டனர், தத்தம் சேவையகங்களில் களஞ்சியங்களைத் திறந்து வைத்தனர். கெர்னல் உருவாக்கம் பெரும்பாலும் இன்றும் மின்னஞ்சல் வழியாகவே நடைபெறுகிறது.

கிட் செய்வது என்ன? ஒரு கோப்புறையில் `git init` கொடுத்தால் அதனுள் `.git` என்ற மறைவான கோப்புறை உருவாகும். களஞ்சியம் என்பது அதுதான். ஒவ்வொரு முறை மாற்றத்தைப் பதியும்போதும் அந்நேரத்தில் கோப்புகள் இருந்த நிலை, பதிந்தவர் பெயர், நேரம், குறிப்பு, இதற்கு முந்தைய பதிவு எது என்ற சுட்டு ஆகியவை அங்கே சேர்கின்றன. இந்தப் பதிவைத்தான் கமிட் என்கிறோம். `git clone` மூலம் ஒருவர் ஒரு களஞ்சியத்தை நகலெடுக்கும்போது, பிரதியெடுக்கப்பெறுவது இன்றைய கோப்புகள் மட்டுமல்ல. முதல் கமிட்டிலிருந்து தொடரும் சங்கிலி முழுவதும் வந்து சேர்கிறது.

ஆகவே கிட்டின் பார்வையில் ‘தொலைக் களஞ்சியம்’ என்பது தகுதியில் உயர்ந்த ஒன்றன்று. அது அதே களஞ்சியத்தின் இன்னொரு படி, அவ்வளவே. அந்தப் படி கலிபோர்னியாவில் இருக்க வேண்டும் என்பதில்லை, இணையத்தில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரு பென்டிரைவ் போதும். `aaivu` என்ற கோப்புறையில் ஓர் ஆய்வு மாணவரின் களஞ்சியம் இருப்பதாகக் கொண்டால், கீழுள்ள நான்கு வரிகள் அந்தப் பென்டிரைவைத் தொலைக் களஞ்சியமாக்கிவிடும்.

```
git clone --bare aaivu /media/usb/aaivu.git
cd aaivu
git remote add pen /media/usb/aaivu.git
git push pen main
```

முதல் வரி, வேலைக் கோப்புகள் இல்லாமல் வரலாறு மட்டும் அடங்கிய ஒரு படியைப் பென்டிரைவில் இடுகிறது. மூன்றாவது வரி அதற்கு `pen` என்று பெயர் சூட்டுகிறது. நான்காவது வரி `main` கிளையில் இனிமேல் சேரும் கமிட்களை அங்கே அனுப்புவதற்கானது. மாணவரின் நண்பர் அந்தப் பென்டிரைவிலிருந்து `git clone` செய்துகொள்ளலாம், தம் மாற்றங்களை அதிலேயே திருப்பி இடலாம். கிட்ஹப்புக்கு அனுப்பும்போது மாறுவது முகவரி மட்டுமே. பலரும் காணும் `origin` என்ற சொல்லும், நகல் எந்த முகவரியிலிருந்து வந்ததோ அதற்குக் கிட் தானாக இடும் பெயர்தான். `git remote -v` கொடுத்தால் அந்தப் பெயருக்குப் பின்னால் உள்ள முகவரி தெரியும்.

2008: சேவை சேர்த்தது

அப்படியானால் சேவை எதற்கு? பென்டிரைவ் உதாரணத்திலேயே விடை இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள மாணவரும் யாழ்ப்பாணத்தில் உள்ள அவருடைய நண்பரும் ஒரே பென்டிரைவைப் பயன்படுத்த இயலாது. எப்போதும் மின்சாரத்துடனும் இணைப்புடனும் இருக்கும் ஓர் இடம் வேண்டும். அங்கே யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று வரையறுக்க வேண்டும்.

இந்த இரண்டாவது தேவை பலரும் எண்ணுவதைவிடப் பெரியது. ஒரு கமிட்டில் காணும் பெயரை கிட் சரிபார்ப்பதில்லை. `git config user.name` என்று கொடுத்து எவரும் எந்தப் பெயரையும் எழுதிக்கொள்ளலாம். இன்னார்தான் இந்தக் கமிட்டை எழுதினார் என்பதற்கு, மின்னணுக் கையொப்பம் இடப்படாதவரை, கிட்டில் சான்று இல்லை. கடவுச்சொல்லையோ திறவுகோலையோ சோதித்து, எழுத உரிமை உள்ளவரை மட்டும் உள்ளே விடும் வேலை சேவையைச் சார்ந்தது.

இவற்றுக்கு மேல் கிட்ஹப் சேர்த்தது உரையாடல். பிழைகளைப் பதியும் பட்டியல், மாற்றத்தை வரி வரியாகப் பார்த்துக் கருத்துச் சொல்லும் பக்கம், ஒரு திட்டத்தை ஒரே சொடுக்கில் தன் கணக்குக்குப் பிரதியெடுக்கும் ஃபோர்க் வசதி, தன் மாற்றத்தை ஏற்குமாறு கோரும் புல் ரிக்வெஸ்ட். கடைசியாகச் சொன்னது மட்டும் சற்று விளக்கம் வேண்டுவது, ஏனெனில் அந்தப் பெயர் கிட்டிலும் உண்டு. கிட்டுடன் வரும் `git request-pull` என்ற கட்டளை, ‘இந்த முகவரியில் இந்தக் கிளையில் இன்னின்ன மாற்றங்கள் உள்ளன, எடுத்துக்கொள்க’ என்ற பொருள்பட ஒரு சிறு உரையை உருவாக்கித் தரும். அதை மின்னஞ்சலில் ஒட்டி அனுப்ப வேண்டியது பயனரின் வேலை. கிட்ஹப்பின் புல் ரிக்வெஸ்ட் அப்படியன்று. அது நிறுவனத்தின் தரவுத்தளத்தில் பிறக்கும் ஒரு பதிவு. அதன் எண், தலைப்பு, கருத்துகள், ஒப்புதல்கள் எல்லாம் தரவுத்தளத்திலேயே வாழ்கின்றன. `git clone` செய்பவருக்கு அவற்றுள் எதுவும் வருவதில்லை. டோர்வால்ட்ஸ் 2012இல் கிட்ஹப்பின் இந்த வசதியைக் கடுமையாகக் குறைகூறி, தாம் அதை ஏற்கப்போவதில்லை என்றார். அதே மூச்சில், களஞ்சியங்களை வைக்கும் இடமாக கிட்ஹப் நன்றாகவே இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளவும் செய்தார். கருவியை ஆக்கியவரே இடத்தையும் அதில் நடக்கும் உரையாடலையும் தனித்தனியே எடைபோட்டார் என்பது இங்கே குறிக்கத்தக்கது.

2011: இடம் கெட்டது, வரலாறு கெடவில்லை

டோர்வால்ட்ஸ் கிட்ஹப்புக்கு வந்ததற்கே ஒரு விபத்துதான் காரணம். லினக்ஸ் கெர்னலின் முதன்மை இருப்பிடமான kernel.org சேவையகங்களுள் அத்துமீறி ஒருவர் நுழைந்திருப்பது 2011 ஆகஸ்ட் 28 அன்று கண்டறியப்பட்டது. உள்ளே வந்தவர் நிர்வாகியின் முழு அதிகாரத்தையும் பெற்றிருந்தார். சேவையகங்கள் நிறுத்தப்பட்டன. எழுந்த அச்சம் எளிதில் புரியக்கூடியது. உலகின் எண்ணற்ற கணினிகளில் இயங்கும் மூலநிரலில் ஒரு வரியை அவர் மாற்றியிருந்தால் என்ன ஆவது?

தமிழ் ஆய்வுலகுக்கு இந்தக் கேள்வி புதியதன்று. ஏட்டுச்சுவடியைப் படியெடுப்பவர் ஓர் எழுத்தை மாற்றிவிட்டால், அந்தப் படியிலிருந்து பிறக்கும் எல்லாப் படிகளிலும் அந்தப் பிழை சத்தமின்றித் தொடரும். பல சுவடிகளை அருகருகே வைத்து ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர் ஒருவர் வரும்வரை அது வெளிப்படாது. கிட்டில் அந்த ஒப்புநோக்கு கருவியின் உள்ளேயே அமைந்திருக்கிறது. ஒவ்வொரு கமிட்டுக்கும் 40 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஓர் அடையாளம் உண்டு. அது எவரும் இட்டுக்கொள்ளும் வரிசை எண் அன்று. அந்தக் கமிட்டின் உள்ளடக்கத்திலிருந்து எஸ்எச்ஏ-1 என்னும் கணிப்பு முறையால் பெறப்படுவது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அடையாளம் முற்றிலும் வேறாகிவிடும். மேலும் ஒவ்வொரு கமிட்டும் தனக்கு முந்தையதன் அடையாளத்தைத் தன் உள்ளடக்கத்தின் ஒரு பகுதியாகச் சுமக்கிறது. ஆகவே மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வரியை மாற்றினால், அதன் பின்வந்த எல்லாக் கமிட்களின் அடையாளங்களும் மாறியாக வேண்டும்.

kernel.org சேவையகத்தில் யாரேனும் அவ்வாறு செய்திருந்தால், அது எப்படி வெளிப்பட்டிருக்கும்? கெர்னலின் முழு வரலாறும் ஆயிரக்கணக்கான நிரலாளர்களின் கணினிகளில் ஏற்கெனவே இருந்தது. அவர்களுள் எவரேனும் `git fetch` கொடுத்தால், சேவையகத்தின் கிளை தம்மிடம் உள்ளதன் தொடர்ச்சியாக இல்லை என்பதை கிட் கண்டுகொள்ளும். வழக்கமான வரவுக்குப் பதிலாக `forced update` என்ற சொற்கள் திரையில் வரும். வரலாற்றைத் திருத்தி எழுதாத ஒரு கிளையில் அந்தச் சொற்கள் தோன்றுவது எச்சரிக்கை மணி. இந்தக் காரணத்தால்தான், பழைய வரலாற்றை எவரும் அறியாமல் மாற்றியிருக்க இயலாது என்று கெர்னல் குழுவினர் உறுதியாகச் சொல்ல முடிந்தது. அதே தளத்தில் பதிவிறக்கத்துக்கென வைக்கப்பட்டிருந்த சுருக்கக் கோப்புகளுக்கு இந்தப் பாதுகாப்பு இயல்பாக இல்லை. அவை கிட்டின் சங்கிலியைச் சேர்ந்தவை அல்ல. எஸ்எச்ஏ-1 முறையிலும் ஒரு பலவீனம் உண்டு. ஒரே அடையாளம் தரும் இரு வேறு கோப்புகளை 2017 பிப்ரவரியில் ஆய்வாளர்கள் உருவாக்கிக் காட்டினர். அத்தகைய சூழ்ச்சியைக் கண்டறியும் கணிப்பு முறை அவ்வாண்டிலேயே கிட்டில் சேர்க்கப்பட்டது.

இடம் முடங்கிய பின் வேலை எப்படித் தொடர்ந்தது என்பது கதையின் மறுபாதி. செப்டம்பர் தொடக்கத்தில் டோர்வால்ட்ஸ் தம் கணினியிலிருந்த களஞ்சியத்தை கிட்ஹப்புக்கு அனுப்பி, லினக்ஸ் 3.1இன் அடுத்த சோதனைப் பதிப்பை அங்கிருந்து வெளியிட்டார். எந்தக் காப்புப்படியையும் தேடவில்லை, எதையும் உருமாற்றவில்லை. முகவரி மாறியது, அவ்வளவே. அக்டோபரில் kernel.org மீண்டும் இயங்கத் தொடங்கியதும் முதன்மை இருப்பிடம் அங்கே திரும்பியது.

2017: உரையாடல் அழிந்தது

இதற்கு மறுதலையான நிகழ்வு ஐந்தரை ஆண்டுகள் கழித்து நேர்ந்தது. கிட்ஹப்பைப் போன்ற சேவையான கிட்லாப், 2017 ஜனவரி 31 இரவு ஒரு சிக்கலில் இருந்தது. முதன்மைத் தரவுத்தளத்திலிருந்து துணைத் தரவுத்தளத்துக்குப் படியெடுப்பது தடைப்பட்டிருந்தது. அதைச் சரிசெய்ய முயன்ற பொறியாளர், துணைத் தரவுத்தளத்தின் கோப்புறையை வெறுமையாக்க எண்ணி, முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புறையை அழிக்கத் தொடங்கினார். பிழையை உணர்ந்து ஓரிரு நொடிகளில் நிறுத்தியபோது, ஏறத்தாழ 300 ஜிபி தரவில் 4.5 ஜிபி மட்டுமே எஞ்சியிருந்தது.

நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பப்பட்ட காப்புப்படிகள் காலியாக இருந்தன. படியெடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாததால் அந்த வேலை பல நாட்களாகச் சத்தமின்றித் தோல்வியுற்று வந்திருந்தது. சோதனைக்காக ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுக்கப்பட்ட ஒரு படி தற்செயலாக இருந்தது. அதிலிருந்து தரவுத்தளம் மீட்கப்பட்டது. இடைப்பட்ட நேரத்தில் பதிவானவை மீளவில்லை. பாதிக்கப்பட்டவை ஏறத்தாழ 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய கணக்குகள் என்று நிறுவனமே வெளிப்படையாக எழுதியது.

அந்த அறிக்கையில் இன்னொரு வரி உண்டு. கிட் களஞ்சியங்களுக்கு எந்தச் சேதமும் இல்லை. அவை தரவுத்தளத்தில் இல்லை, தனிக் கோப்புகளாக வேறிடத்தில் இருந்தன. ஒருகால் அவையும் அழிந்திருந்தால்கூட, பயனர்களின் கணினிகளில் இருந்த படிகளிலிருந்து மீண்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் அன்று மாலை ஒருவர் எழுதிய பிழை விவரத்தையும், அதற்கு இன்னொருவர் தந்த மறுமொழியையும், ஒரு மாற்றம் ஏன் நிராகரிக்கப்பட்டது என்ற விளக்கத்தையும் எவருடைய கணினியிலிருந்தும் மீட்க வழியில்லை. அவற்றுக்கு ஒரே ஒரு படிதான் இருந்தது.

2011 நிகழ்வையும் 2017 நிகழ்வையும் அருகருகே வைத்தால் எல்லைக்கோடு தெளிவாகிறது. எது மாறியது, யார் பெயரில், எந்த வரிசையில் என்பது கிட்டுடையது. அதற்குப் படிகள் பல. யாருக்கு உரிமை, என்ன பேசினோம், ஏன் ஏற்றோம் என்பது சேவையுடையது. சேவை நிறுவனம் எடுக்கும் காப்புப்படியே அதற்குக் கதி.

மீண்டும் ஐதராபாத்

2018 ஜூன் 4 அன்று கிட்ஹப்பை 750 கோடி டாலர் மதிப்பில் வாங்குவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. அக்டோபரில் அது நிறைவேறியது. அந்நிறுவனத்தின் இந்திய மென்பொருள் உருவாக்க மையம் 1998 முதல் ஐதராபாத்தில் இயங்கி வருகிறது. மைக்ரோசாப்ட் கிட்டை வாங்கிவிட்டதாகச் சொல்வோரை இன்றும் காணலாம். வாங்கப்பட்டது கிட் அன்று. கிட் ஒரு கட்டற்ற மென்பொருள், ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பின்கீழ் எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் கூடியது. விலைபோனவை முகவரி, கணக்குகள், உரையாடல்களின் தரவுத்தளம், அவற்றைச் சுற்றித் திரண்ட மக்கள் கூட்டம் ஆகியவை.

அதே நகரத்தில் வேறொரு தெரிவும் உண்டு. தெலுங்குக் கணிமைக்கும் கட்டற்ற மென்பொருளுக்கும் பணியாற்றும் ஸ்வேச்சா அமைப்பு, code.swecha.org என்ற முகவரியில் கிட்லாப் மென்பொருளைத் தானே நிறுவி நடத்துகிறது. மாணவர் ஒருவர் அங்கே அனுப்பும் கமிட்டும் கிட்ஹப்புக்கு அனுப்பும் கமிட்டும் அடையாள எண் வரை ஒன்றே. வேறுபடுவது இடத்தின் பொறுப்பு. தானே நடத்தும் அமைப்பு தன் காப்புப்படிகளையும் பாதுகாப்பையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். நிறுவனத்திடம் ஒப்படைப்போர் அதன் விதிகளுக்கும், அது இயங்கும் நாடுகளின் சட்டங்களுக்கும் உட்பட வேண்டும்.

2014ஆம் ஆண்டுத் தடை காட்டிய இன்னொரு உண்மையும் இங்கே பொருந்தும். முகவரி மட்டுமே மறைந்தாலும் அதன் விளைவு சிறிதன்று, ஏனெனில் பல திட்டங்கள் முகவரியையே நிரலுக்குள் எழுதி வைத்துள்ளன. கோ மொழியில் ஒரு துணை நிரற்தொகுப்பின் பெயரே `github.com/` என்று தொடங்குவது வழக்கம். 2014இல் அத்தகைய தொகுப்பு ஏற்கெனவே கணினிக்கு வந்திராவிட்டால், முகவரி முடங்கிய நாளில் திட்டம் உருப்பெற்றிருக்காது. தன் வரலாறு முழுவதும் கையில் இருந்தாலும், பிறருடைய நிரல்கள் கைக்கு எட்டாதவையாகிவிடக்கூடும்.

ஆய்வேட்டுக்கான நிரலையும் தரவையும் கிட்டில் வைத்திருப்போர்க்கு இதிலிருந்து நடைமுறையில் விளைவது என்ன? தம் கணினியில் இருப்பது முழுப் படிதானா என்று முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். நேரம் மிச்சமாகும் என்று `--depth 1` சேர்த்து நகலெடுத்திருந்தால், வந்திருப்பது கடைசிக் கமிட் மட்டுமே. `git rev-parse --is-shallow-repository` என்ற கட்டளை `true` என்று விடையளித்தால் வரலாறு குறைபட்டது என்று பொருள். பெரிய தரவுக் கோப்புகளுக்கு கிட் எல்எஃப்எஸ் பயன்படுத்தியிருந்தால், களஞ்சியத்தில் இருப்பது சில வரிச் சுட்டுகள் மட்டுமே. கோப்புகளின் பழைய பதிப்புகள் சேவையகத்திலேயே தங்கியிருக்கக்கூடும். கமிட் செய்தது தானாகவே சேவைக்குப் போய்விடாது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். `git push` கொடுக்காமல் மடிக்கணினியைத் தொலைத்தவருக்கு கிட்ஹப் எதையும் திருப்பித் தர இயலாது.

முழுப் படி கையில் இருப்பின், அதை ஒரே கோப்பாகக் கட்டி வைக்கும் வழி கிட்டிலேயே உள்ளது.

```
git bundle create aaivu.bundle --all
git bundle verify aaivu.bundle
```

எல்லாக் கிளைகளின் வரலாறும் அடங்கிய அந்தக் கோப்பை நெறியாளருக்கு அனுப்பலாம், நூலகத்தின் வட்டில் வைக்கலாம். அதிலிருந்தே `git clone` செய்யலாம். ஆனால் ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்று புல் ரிக்வெஸ்டின் கருத்துகளில் மட்டும் எழுதியிருந்தால், அது இந்தக் கோப்பில் இராது. அந்தக் காரணத்தை இரண்டு வரியில் கமிட்டின் குறிப்பிலேயே எழுதிவிட்டால், அது சங்கிலியின் கண்ணியாகி எல்லாப் படிகளோடும் பயணம் செய்யும். 2014இன் கடைசி இரவில் பக்கம் திறக்காதபோதும் `git log` காட்டியிருக்கக் கூடியது அத்தகைய குறிப்புகளை மட்டுமே.